இரண்டரை மணி நேர மைதானம், ஒரு ஞாயிறு மெட்ச்: அமெச்சூர் உதைபந்தாட்ட அணிக்கு வாராந்தப் பயிற்சித் திட்டம் போடுவது எப்படி

கொழும்பில் ஞாயிறு லீக் ஆடும் அணிகளின் நிலைமை அநேகமாக ஒன்றுதான். புதன்கிழமை மாலை ஒரு அரை மைதானம் கிடைக்கும். வெள்ளி இரவு காசு சேர்த்து ஒரு மணித்தியாலம் ஃபுட்சால் டர்ஃப் எடுப்பார்கள். ஞாயிறு காலை மெட்ச். பேர் கொடுத்தவர்கள் 19 பேர் என்றால் பிராக்டிஸுக்கு வருவது 11 முதல் 15 பேர். ஒருவர் புறக்கோட்டைக் கடையைப் பூட்டிவிட்டு வருவார், இன்னொருவர் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி வருவார்.

இந்த அளவை எடுத்துக்கொண்டே கீழே திட்டம் போடுகிறேன்: புதன் 6.30 முதல் 8 மணி வரை வெளிச்சமுள்ள அரை மைதானம், வெள்ளி இரவு 60 நிமிடம் டர்ஃப். உங்கள் நாள் வேறு என்றால் என்ன மாற்ற வேண்டும் என்பதை இடையில் சொல்கிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். புதுசாக அணியைப் பொறுப்பெடுக்கிறவர்கள் யூடியூப்பில் டிரில் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். அது நான்காவது படிக்குப் பிறகு வரவேண்டிய வேலை.

1. முதலில் உண்மையான நிமிடங்களை எண்ணுங்கள்

ஒரு புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஃபோனில் நேரம் பாருங்கள். பந்து உருண்டு, ஆட்கள் அதன் பின்னால் அசையும் நிமிடங்களை மட்டும் கூட்டுங்கள். நான் முதல் தடவை எண்ணியபோது 90 நிமிடத்தில் 40 கூடத் தேறவில்லை. முன்னால் ஆடிய குழு பத்து நிமிடம் பிந்தி இறங்கியது. பிப் கொடுக்க, கோன் வைக்க, பூட்ஸ் கட்ட இன்னும் பத்து. மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்ட், வட்டமாக நின்று ஸ்ட்ரெச்சிங், பிறகு வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கோலுக்கு அடிக்கிற பழைய டிரில். அந்த வரிசையில் 12 பேர் நின்றால் ஒருவருக்குக் கால்மணி நேரத்தில் ஆறேழு அடிதான் கிடைக்கும், மீதி நேரம் கதை.

எண்ணிப் பார்த்தபின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்ய மைதானமும் பந்தும் எதிராளியும் வேண்டுமா? வேண்டாம் என்றால் அது வெளிக்கோட்டுக்கு அப்பால் போகவேண்டும். தசை வலுப் பயிற்சிக்கு இரண்டு மீட்டர் தரை போதும். வோர்ம்-அப்பின் பெரும்பகுதிக்குப் பதினைந்து மீட்டர் நீள ஓரம் போதும். ஞாயிறு யார் எங்கே ஆடுவது என்ற பேச்சுக்கு மைதானமே தேவையில்லை. ஆனால் ஏழுக்கு ஏழு ஆட்டமும், முழு வேக ஓட்டமும், பெரிய கோலுக்கு முன் கோர்னர் பழக்கமும் உள்ளேதான் நடக்க முடியும்.

2. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

மூன்று நிறத்தில் பிப், நிறத்துக்கு ஐந்து. இரண்டு நிறம் மட்டும் இருந்தால் கீழே சொல்லும் மூன்று அணிச் சுழற்சி நடக்காது. பந்து எட்டு இருந்தால் நல்லது. ஆறுக்குக் கீழே போனால் மதிலுக்கு வெளியே போன பந்தைத் தேடுவதே பயிற்சியாகிவிடும். தட்டைக் கோன் முப்பது, ஒரு பம்ப், ஊசி இரண்டு, ஒரு விசில், ஐஸ் போட்ட தண்ணீர்ப் பெட்டி.

இவற்றைவிட முக்கியமானது பெயர்க் கணக்கு. புதன் பகல் 12 மணிக்குள் வட்ஸ்அப்பில் வருகிறேன், வரவில்லை என்று போட வேண்டும் என ஒரு விதி வையுங்கள். தாமதமாக வருகிறவருக்குத் தண்டனை வேண்டாம், தகவல் மட்டும் வேண்டும். 14 பேருக்குப் போட்ட திட்டத்தோடு 9 பேர் முன்னால் நிற்பதுதான் புதிய பயிற்சியாளரை அதிகம் குழப்பும் நிலைமை.

3. கடினமான நாளை முதலில் குறியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்

ஞாயிறு முழு மெட்ச் ஆடியவரின் தசை வலி திங்கள், செவ்வாயில் உச்சத்துக்குப் போகும். வேக ஓட்டத்துக்கான வலு முழுசாகத் திரும்ப 72 மணி நேரம் வரை எடுக்கும். அந்தக் கணக்கில் புதன் மாலைதான் கால் புதுசாக இருக்கும் முதல் நாள். அடுத்த மெட்சுக்கு அங்கிருந்து நான்கு நாள் இருப்பதால் அன்றைய களைப்பும் ஞாயிறுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே வாரத்தின் ஒரே கடினமான பயிற்சி புதனில்.

வெள்ளி மெட்சுக்கு மிகக் கிட்ட. அன்று ஆட்களை முறித்தால் ஞாயிறு 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். அன்று குறுகிய, கூரான, கால் பாரமாகாத வேலை மட்டும்.

உங்களுக்குக் கிடைத்தது செவ்வாய் என்றால், ஞாயிறு 60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு ஸ்பிரிண்டை விட்டுவிட்டு பந்து வேலை மட்டும் கொடுங்கள், மற்றவர்களுக்கு முழுத் திட்டம். வியாழன் என்றால் எல்லாவற்றையும் செய்யலாம், ஆனால் சிறு ஆட்டங்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒன்றை வெட்டுங்கள். வேகத்தைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். மெதுவாகப் பழகியவர் ஞாயிறும் மெதுவாகத்தான் ஆடுவார்.

4. வாரத்துக்கு ஒரு விடயம், அதையும் இரண்டு வாரம்

ஞாயிறு மெட்சில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். நமக்கு விழுந்த கோலையும், விழப்பார்த்த ஒவ்வொரு வாய்ப்பையும் எங்கிருந்து வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள்: ஓரத்திலிருந்து குறுக்காக வந்த பந்து, நடுவில் நாமே பறிகொடுத்தது, கோர்னர், பின்கள வீரரின் தலைக்கு மேலால் போன நீளப் பந்து. இரண்டு, மூன்று மெட்சுக்குப் பிறகு ஒரு வரிசை மட்டும் நீண்டு நிற்கும். அதுதான் அடுத்த இரண்டு புதன்களுக்கான விடயம்.

தோற்றதும் எல்லாவற்றையும் ஒரே புதனில் திருத்தப் பார்ப்பது இயல்பு. ஏழுக்கு ஏழு ஆடும் 28 நிமிடத்தில் நான்கு விடயம் சொன்னால் ஒன்றும் தங்காது. ஒன்றைச் சொல்லி, அடுத்த வாரம் அதையே திரும்பச் செய்யும்போதுதான் வராமல் விட்ட ஐந்து பேருக்கும் அது போய்ச் சேரும். வருகை அரைகுறையான அணிக்கு இந்த இரண்டு வாரக் கணக்கு அவசியம். ஒரு தடவை சொன்ன விடயம் அணியில் பாதிப்பேருக்குத் தெரியாத விடயம்.

கீழே உள்ள மாதிரிக்கு நடுவில் பறிகொடுப்பதை எடுத்துக்கொள்கிறேன். அமெச்சூர் அணிகளில் இந்த வரிசைதான் அடிக்கடி நீளும்.

5. புதன்: 6.10 முதல் 8.10 வரை

மைதானம் 6.30க்குத்தான் கிடைக்கும். ஆனால் வேலை 6.10க்கு ஓரத்தில் தொடங்குகிறது. கொழும்பில் சூரியன் மறைவது வருடம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். ஆகவே நவம்பரில் அந்த ஓரம் இருட்டாக இருக்கும், விளக்குக் கம்பத்துக்குக் கிட்டவாக ஒரு கீற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

*6.10, வெளியே.* ஃபிஃபா 11+ வோர்ம்-அப்பின் முதல் பகுதி, எட்டு நிமிடம்: நேராக ஓடுதல், இடுப்பை வெளியே திருப்புதல், உள்ளே திருப்புதல், துணையாளைச் சுற்றுதல், தோளோடு தோள் பாய்தல், முன்னும் பின்னும் வேகமாக ஓடுதல். இந்த முறை மூன்று பகுதி கொண்டது, மொத்தம் சுமார் 20 நிமிடம். நடுப்பகுதியான தசை வலுவுக்குப் பத்து நிமிடம் போகும். அதைப் பயிற்சி முடிந்தபின் செய்தாலும் காயத்தைக் குறைக்கும் பலன் கெடுவதில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நமக்கு அது பெரிய உபகாரம், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடத்தை 8 மணிக்குப் பிறகு தள்ளிவிடலாம். மிச்சமிருக்கும் நேரத்தில் சோடா மூடிகளை நிலத்தில் வைத்து அன்றைய விடயத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் பேச்சு குறையும்.

*6.30 முதல் 6.40 வரை, வேகம்.* இரண்டு பேர் கோன் வைக்கும்போது மற்றவர்கள் 11+ இன் மூன்றாம் பகுதியைச் செய்வார்கள்: மைதானத்தின் குறுக்கே வேகமாக ஓடுதல், பாய்ந்து ஓடுதல், ஓடிப் பாதம் ஊன்றித் திசை திருப்புதல். அதற்குப் பிறகு 30 மீட்டர் ஸ்பிரிண்ட் நான்கு, ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து திரும்பி வருவது. முதலாவது முக்கால் வேகம், கடைசி இரண்டும் முழு வேகம்.

இதைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாததற்குக் காரணம் இருக்கிறது. சிறிய கட்டத்தில் எவ்வளவு கடினமாக ஆடினாலும் யாரும் தன் உச்ச வேகத்துக்குப் போவதில்லை, இடம் போதாது. வாரம் முழுக்க உச்ச வேகத்தைத் தொடாத பின்தொடைத் தசை ஞாயிறு ஒரு நீளப் பந்துக்குப் பின்னால் திடீரென்று அதைத் தொடும்போதுதான் பிடித்துக்கொள்கிறது. களைத்தபின் ஸ்பிரிண்ட் வைப்பதும் தவறு. அப்போது யாரும் முழு வேகத்தில் ஓடமாட்டார்கள், ஓடப் பார்க்கிறவர் காயப்படுவார்.

*6.40 முதல் 6.52 வரை, ரொண்டோ.* பத்துக்குப் பத்து மீட்டர் கட்டத்தில் ஐந்து பேர் வெளியே நின்று பந்தைத் தங்களுக்குள் மாற்ற, இரண்டு பேர் உள்ளே பறிக்கப் பார்ப்பார்கள். 14 பேருக்கு இரண்டு கட்டம், கோல் காப்பாளர்களும் காலால் ஆடுவார்கள். இன்றைய விடயத்துக்காக ஒரே ஒரு விதி: பந்து வருமுன் தோளுக்கு மேலால் ஒரு தடவை பின்னால் பார்க்காதவர் உள்ளே போகவேண்டும். நடுவில் பறிகொடுப்பவர் பெரும்பாலும் காலால் தவறு செய்வதில்லை, பின்னால் வருகிறவனைப் பார்க்காமல் விடுகிறார்.

*6.52 முதல் 7.16 வரை, நாலுக்கு நாலு.* ஓட்டப் பயிற்சி இதற்குள்தான் இருக்கிறது. 40க்கு 25 மீட்டர் கட்டம், இரண்டு கோல், இரண்டு காப்பாளர்கள். 12 பேரை மூன்று நிறமாகப் பிரியுங்கள். மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிடம் மாற்றம், மொத்தம் ஆறு ஆட்டம். சிவப்பும் நீலமும் ஆடும்போது மஞ்சள் வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடும். அடுத்தது மஞ்சளும் சிவப்பும், பிறகு நீலமும் மஞ்சளும், பிறகு அதே சுற்று இன்னொரு தடவை. ஆளுக்கு நான்கு ஆட்டம், அதாவது 12 நிமிடம் மூச்சு முட்டும் வேலை. வெளியே போன பந்துக்குக் காத்திருக்காமல் உடனே அடுத்த பந்தை உள்ளே விட்டால்தான் அந்த 12 நிமிடம் உண்மையில் 12 நிமிடமாக இருக்கும்.

எங்கள் அணியில் ஒரு தம்பி மூன்று வாரம் இதே கேள்வியோடு வந்தான்.

“அண்ணா, ரவுண்ட் ஓடாம ஸ்டமினா எப்படி வரும்?”

“நீ போன ஞாயிறு எத்தின ரவுண்ட் ஓடின, தம்பி?”

“மெட்சில யாரு ரவுண்ட் ஓடுறது!”

“அதான். மெட்சில நிக்கிறது, பாயுறது, திரும்புறது, மறுபடி பாயுறது. அதைத்தான் இங்க ஓடுற.”

நாலாவது ஆட்டம் முடிந்தபோது அவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்கவில்லை. ரவுண்ட் ஓட்டத்தில் தப்பே இல்லை, வேலைக்குப் போகுமுன் காலி முகத்திடலில் ஓட விரும்புகிறவர் தாராளமாக ஓடட்டும். வாடகைக்கு எடுத்த புல்லில் மட்டும் வேண்டாம்.

*7.16 முதல் 7.20 வரை, தண்ணீர்.* கட்டாயம். கொழும்புப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, உடம்பு குளிர்வதும் இல்லை. ஒரு தடவை பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதைப் பார்த்தவருக்குப் பிறகு போத்தலை நினைவூட்டத் தேவையில்லை.

*7.20 முதல் 7.48 வரை, ஏழுக்கு ஏழு.* வாரத்தின் விடயம் இங்கே. அரை மைதானம், காப்பாளரோடு ஏழு பேர், 13 நிமிடம் இரண்டு தடவை, இடையில் இரண்டு நிமிடம். மைதானத்தை மூன்று கீற்றாகக் கோனால் பிரியுங்கள். நடுக் கீற்றில் பந்தைப் பறித்த அணி எட்டு விநாடிக்குள் கோல் போட்டால் அது இரண்டாகக் கணக்கு. நடுவில் பறிகொடுப்பதன் விலை இப்போது எல்லோருக்கும் தெரியும், நீங்கள் சத்தம் போடத் தேவையில்லை.

ஒரு பாதியில் மூன்று தடவைக்கு மேல் விசில் ஊதி நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அரை நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லி விடுங்கள். எனக்கே இன்னும் கஷ்டமான இடம் இதுதான். தவறைப் பார்த்தால் நாக்குத் துறுதுறுக்கும். ஆனால் நான் பேசும் ஒரு நிமிடம் 14 பேரின் ஒரு நிமிடம்.

*7.48 முதல் 8.00 வரை, கோர்னர்.* இரண்டு கோர்னர் முறை போதும், ஒன்று முன்கம்பத்துக்கு, ஒன்று பின்கம்பத்துக்கு. காக்கும்போது யார் எந்தக் கம்பம் என்பதையும் இங்கேயே முடியுங்கள். பெரிய கோல் இருப்பது புதனில் மட்டும்தான், டர்ஃபில் இதைச் செய்ய முடியாது. களைத்திருக்கும்போது செய்வது பரவாயில்லை, மெட்சின் கடைசிக் கோர்னரும் களைத்த காலோடுதான் வரும்.

*8.00, மறுபடி வெளியே.* அடுத்த குழு உள்ளே இறங்கட்டும். நீங்கள் ஓரத்தில் பத்து நிமிடம் 11+ இன் நடுப்பகுதி: முழங்கைப் பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க், நோர்டிக், ஒற்றைக்காலில் நிற்றல், ஸ்குவாட், குதித்தல். நோர்டிக் என்பது முழங்காலில் நின்று, துணையாள் கணுக்காலைப் பிடித்திருக்க, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்வது. புதியவருக்கு மூன்று முதல் ஐந்து தடவை மட்டும். முதல் நாளே பதினைந்து செய்தவர் இரண்டு நாள் படி இறங்கமாட்டார். நோர்டிக்கை வெள்ளிக்குத் தள்ளக்கூடாததும் இதனால்தான், அந்த வலி ஞாயிறு காலில் இருக்கும்.

6. வெள்ளி டர்ஃப்: வெல்கிறவர் நிற்பது என்ற விதியை எடுத்துவிடுங்கள்

வெள்ளியைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம். ஐந்துக்கு ஐந்து, தோற்ற அணி வெளியே, வென்ற அணி நிற்கும். பத்து நிமிடத்தில் அது தன்மான யுத்தமாகிவிடும். சறுக்கல், மோதல், கணுக்கால். கம்பி வலைக்குள் ஆளை நெருக்கும்போது சொல்லவே வேண்டாம்.

அதற்குப் பதில் 60 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். 12 நிமிடம் வோர்ம்-அப், 12 நிமிடம் ரொண்டோ. பிறகு இரண்டு நிமிட ஆட்டம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு நிமிட ஓய்வு, கோல் கணக்கு வைக்காமல். இதற்கு 24 நிமிடம் போகும். ஆட்டம் வேகமாக இருக்கலாம், ஆனால் ஓய்வு நீளமாக இருப்பதால் களைப்புச் சேராது. மிச்சம் 12 நிமிடம் ஞாயிறு யார் எங்கே, எறிபந்து யார், பெனால்டி யார் என்ற பேச்சுக்கு.

புல்லுக்குப் போடும் நீளக் குமிழ் பூட்ஸை டர்ஃபில் போடவேண்டாம். பாதம் பிடித்துக்கொள்ள முழங்கால் திரும்பிவிடும். சிறு குமிழ் டர்ஃப் சப்பாத்து அல்லது தட்டை அடி போதும். கோல் காப்பாளர் அன்று பாய்ந்து விழவேண்டாம், தோலைக் கொண்டு போய்விடும்.

7. ஒன்பது பேர் வந்தால், பதினெட்டுப் பேர் வந்தால்

திட்டத்தைத் தாளில் எழுதும்போதே மூன்று பத்தியாக எழுதுங்கள்: 14, 10, 18. ஸ்பிரிண்டும் ரொண்டோவும் எல்லா எண்ணுக்கும் பொருந்தும், மாறுவது நடுவில் உள்ள இரண்டு துண்டும்தான்.

10 பேர் என்றால், அதில் இரண்டு காப்பாளர் என்று வைப்போம். நாலுக்கு நாலில் வெளியே நிற்க அணி இல்லை. ஆகவே மூன்று நிமிட ஆட்டம் நான்கு, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஆளுக்கு அதே 12 நிமிடம் கிடைத்துவிடும். ஏழுக்கு ஏழின் இடத்தில் ஒரே கோலில் ஐந்து பேர் தாக்க, மூன்று பேரும் காப்பாளரும் காக்கட்டும். காக்கிறவர்கள் பந்தைப் பறித்தால் நடுக்கோட்டில் வைத்த இரண்டு சிறு கோன் வாசலில் ஒன்றால் வெளியே கொண்டுபோக வேண்டும். விடயம் மாறவில்லை, வடிவம்தான் மாறியது. இரண்டாவது காப்பாளருக்குப் பக்கத்தில் கைப்பயிற்சி.

9 பேர் என்றால் காப்பாளர் ஒருவர்தான் வந்திருப்பார். நாலுக்கு நாலில் அவருக்கு ஒரு கோல், மறு கோலுக்குச் சிறிய கோன் வாசல், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தை மாற்றுங்கள். 18 பேர் வந்தால் நான்கு அணி. இரண்டு நாலுக்கு நாலு கட்டத்தைப் பக்கம் பக்கமாக வைத்து, மூன்று நிமிட ஆட்டம் நான்கு. ஏழுக்கு ஏழு ஒன்பதுக்கு ஒன்பதாகும்.

ஒற்றை எண் வரும்போது நீங்களே பிப் போட்டு இறங்கப் பார்ப்பீர்கள். இறங்காதீர்கள். ஆடிக்கொண்டே பார்ப்பவருக்குப் பந்து மட்டும்தான் தெரியும். மிஞ்சியவரை இரண்டு அணிக்கும் ஆடும் பொது வீரராக விடுங்கள்.

8. வெளியே உட்கார்ந்தவர்களின் கணக்கு

அமெச்சூர் அணியில் காயங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துக்கொண்டு வந்தால், நிறையத் தடவை ஒரே ஆளில் போய் நிற்கும்: மூன்று வாரம் வெளியே இருந்துவிட்டு, நாலாவது வாரம் 90 நிமிடம் ஆடியவர்.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பயிற்சியோ மெட்சோ முடிந்து அரை மணிக்குள், எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்ல வேண்டும். அதை நிமிடங்களால் பெருக்குங்கள். முழு மெட்ச் ஆடியவருக்கு ஞாயிறு 90 × 8 = 720. புதன் 90 × 6 = 540. வெள்ளி 60 × 3 = 180. மொத்தம் 1440. அதே வாரம் கடைசி 15 நிமிடம் இறங்கியவருக்கு ஞாயிறு 15 × 7 = 105. மொத்தம் 825 மட்டும். அடுத்த ஞாயிறு அவரை முதலிலிருந்து இறக்கினால் ஒரே வாரத்தில் அவர் சுமை முக்கால் மடங்கு ஏறுகிறது. இந்த எண்களில் துல்லியம் தேடவேண்டாம், ஒருவரின் எண்ணை அவருடைய போன வார எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாற்று வழி மெட்ச் முடிந்ததும் அங்கேயே இருக்கிறது. மற்றவர்கள் பூட்ஸ் கழற்றும்போது, 30 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவர்கள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடட்டும்: பெனால்டிப் பெட்டியின் விளிம்பிலிருந்து மறு பெட்டி விளிம்பு வரை வேகமாக, நடந்து திரும்பி, எட்டுத் தடவை. முதலில் இதைத் தண்டனை மாதிரி நினைப்பார்கள். ஏன் என்று ஒரு தடவை கணக்கைக் காட்டினால் தாங்களாகவே ஓடுவார்கள். அடுத்த மெட்ச் நடத்த ஆட்கள் காத்திருந்தால் வெளி ஓரத்தில் ஓடுங்கள், நடுவருடன் வாய்த்தர்க்கம் வேண்டாம்.

9. திங்கள் முதல் சனி வரை வீட்டில்

நிறையக் கேட்காதீர்கள். கேட்டது பத்தில் இரண்டுதான் நடக்கும். நான் கேட்பது ஒன்று: செவ்வாய் இரவு பத்து நிமிடம், படியில் நின்று ஒற்றைக்காலால் குதிக்காலை உயர்த்தி இறக்குவது பக்கத்துக்கு 12, இரண்டு தடவை, முழங்கால்களுக்கு இடையில் பந்தை வைத்து நெருக்குவது பத்து விநாடி, ஐந்து தடவை. கெண்டைக்காலுக்கும் கவட்டுத் தசைக்கும் இவை. திங்கள் ஒன்றும் வேண்டாம். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவருக்கு அந்த நிற்பே போதும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரைப் புதன் ஸ்பிரிண்டிலிருந்து விடுங்கள், தூக்கமில்லாத காலில் முழு வேகம் வேண்டாம்.

10. மழை, நோன்பு, போயா

ஒக்டோபர், நவம்பரில் கொழும்பின் மழை பின்னேரத்துக்குப் பிறகு இடியோடு வரும், சரியாக நம்முடைய நேரத்துக்கு. இடி கேட்டால் மைதானத்தை விட்டு வெளியே, கூரை உள்ள கட்டடத்துக்குள். மரத்துக்குக் கீழும் வேண்டாம், விளக்குக் கம்பத்துக்குக் கீழும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபின்தான் திரும்ப இறங்கலாம். 7 மணிக்கு இடி இடித்தால் அன்றைய பயிற்சியில் உருப்படியாக ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீழ் 11+ இன் வலுப் பகுதியைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மழையால் புதன் போனால் அந்தக் கடினமான பயிற்சியை வெள்ளிக்கு நகர்த்தும் ஆசை வரும். காசு கொடுத்த டர்ஃப் இருக்கிறது, ஆட்களும் துடிப்பாக இருக்கிறார்கள். நகர்த்தாதீர்கள். ஒரு கடினப் பயிற்சி தவறியதால் யாருடைய உடற்தகுதியும் நான்கு நாளில் இறங்காது, ஆனால் வெள்ளி களைத்த கால் ஞாயிறுக்குள் தேறாது. வெள்ளி வெள்ளியாகவே இருக்கட்டும். ஞாயிறு வோர்ம்-அப்பில் மட்டும் இரண்டு முழு வேக ஓட்டத்தைக் கூட்டுங்கள், அந்த வாரம் யாரும் உச்ச வேகத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

ரமழான் மாதத்தில் 6.30 நேரம் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். அணியில் நான்கைந்து பேர் நோன்பு என்றால் மைதானப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசி 8.30க்கு மாறப் பாருங்கள், அந்த மாதத்தில் மற்றக் குழுக்களும் நேரத்தைக் கைமாற்றுவார்கள். கிடைக்காவிட்டால் நோன்பாளிகளுக்கு நாலுக்கு நாலை விட்டு, ஏழுக்கு ஏழிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

போயா நாள் வார நடுவில் வந்தால் எல்லோரும் வருவார்கள், சில மைதானம் காலையில் சும்மா கிடக்கும். அது வியாழனில் விழுந்தால், முதல் நாள் புதன் பயிற்சி முடிந்த கால்களை மறுபடி இழுக்காமல், கோர்னரும் எறிபந்தும் ஏழுக்கு ஏழும் மட்டும் வைத்து ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள். 19 பேரும் ஒன்றாக நிற்கும் காலை வருடத்தில் சில தடவைதான் கிடைக்கும், அன்று பதினொருவர் நிற்கும் வடிவத்தை முழு மைதானத்தில் நடத்திப் பார்க்கலாம். செவ்வாயில் விழுந்தால் புதனுக்கு உரியதை அப்படியே செவ்வாய்க் காலைக்கு இழுக்கவேண்டாம், ஞாயிறு ஆடியவர்களின் கால் இன்னும் வரவில்லை.